மாமாவின் வாடகையும் பதினாறாம் நியமமும்

பட்டயக் கணக்காளர் பரீட்சையை ஒரே மூச்சில் முடிப்பவர்களுக்கு வரலாறு தெரியாது. திரும்பத் திரும்ப எழுதுகிற எங்களுக்குத்தான் அது தெரியும். 2018இல் வருமானத்துக்கான எல்.கே.ஏ.எஸ் 18 போய் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 15 வந்தது. 2019இல் குத்தகைக்கான எல்.கே.ஏ.எஸ் 17 போய் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 16 வந்தது. ஒரே மூச்சில் முடித்தவர்கள் உயிரோடிருக்கும் நியமத்தை மட்டும் படித்தார்கள். நாங்கள் செத்ததையும் சேர்த்துப் படித்துவிட்டு, எது செத்தது என்பதைப் பரீட்சை மண்டபத்தில் யோசித்தோம்.

நெடுந்தீவுப் பிள்ளைக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. யாழ்ப்பாணத்து வகுப்புக்குப் போக முதலில் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு, பிறகு பஸ். சோளகம் வீசும் மாதங்களில் படகில் புத்தகம் திறந்தால் படித்தது மட்டுமல்ல, காலையில் சாப்பிட்டதும் வெளியே வந்துவிடும். ஆகவே என் படிப்பெல்லாம் கரையில்தான். குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் மாமாவின் தேத்தண்ணிக்கடை வாங்கில் இருந்துதான் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 16ஐப் படித்தேன். உதாரணத்துக்கு மாமாவின் கடையையே எடுத்துக்கொண்டேன்.

கடைக் காணி இன்னொருவருடையது. மூன்று வருட ஒப்பந்தம், வருடக் கடைசியில் ஒரு லட்சம் ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் மாமா மாதாமாதம்தான் கொடுக்கிறார். ஆனால் பரீட்சைக் கேள்விகளில் வாழ்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் வாடகை கொடுப்பார்கள்.

பழைய முறையில் இதற்குக் கால் நிமிடம் போதும்: வருடத்துக்கு ஒரு லட்சம் வாடகைச் செலவு. புதிய முறையில் அந்த மூன்று லட்சத்தின் இன்றைய பெறுமதியை முதலில் காண வேண்டும். வட்டி 10 சதவீதம் என்றால் அது 2,48,685 ரூபாய். இத்தொகை கடன் போலப் பொறுப்பாகவும், கடையைப் பயன்படுத்தும் உரிமை என்ற சொத்தாகவும் கணக்கில் ஏறும். சொத்தை மூன்றாகப் பிரித்து வருடம் 82,895 ரூபாய் பெறுமானத்தேய்வு. பொறுப்புக்கு முதல் வருட வட்டி 24,869. இரண்டையும் கூட்டினால் முதல் வருடச் செலவு 1,07,764 ரூபாய். கட்டும் வாடகை பொறுப்பைக் குறைப்பதால் வட்டியும் குறைந்து, இரண்டாம் வருடம் 1,00,250, மூன்றாம் வருடம் 91,986 ஆகும்.

மாமா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கொப்பியை எட்டிப் பார்த்தார். "தம்பி, மூண்டையும் கூட்டினா எவ்வளவு?"

கூட்டினேன். சரியாக மூன்று லட்சம்.

"பிறகேன் உவ்வளவு கடதாசி?"

காரணம் சொன்னேன். விமான நிறுவனங்கள் பெரிய விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும். பழைய முறையில் ஐந்தொகையில் அந்த விமானமும் இராது, அதற்கான கடனும் இராது. ஐந்தொகையில் காட்டப்பட்ட விமானம் ஒன்றில் சாவதற்கு முன் ஒரு தரமாவது பறக்க வேண்டும் என்று சர்வதேசக் கணக்கீட்டு நியமச் சபையின் தலைவராயிருந்த டேவிட் ட்வீடி பகிடியாகச் சொல்வாராம். அந்த ஆசையின் விளைவுதான் பதினாறாம் நியமம். மாமா தன் கடையைச் சுற்றிப் பார்த்தார். "என்னட்டை உள்ளது இரண்டு அடுப்பு. அது என்ரை சொந்தம்" என்றார்.

விடுவேனா? பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத குத்தகை என்றால் பழையபடியே வாடகைச் செலவாக எழுதலாம் என்றேன். மாமாவுக்கு மகிழ்ச்சி, அவருடைய ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பதுதானாம். நியமம் அங்கேயும் பிடிக்கிறது. நீடிக்கும் உரிமை குத்தகைக்காரருக்கு இருந்து, அவர் நீடிப்பார் என்பதும் நியாயமான அளவு நிச்சயமென்றால் அந்த வருடங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். "நீங்கள் வருகிற வருடமும் இருப்பியளோ?" என்று கேட்டேன். "காணிக்காரனிட்டைக் கேள்" என்றார். பரீட்சையில் இந்த விடைக்குப் புள்ளி கிடைக்கலாம். காணிக்காரரும் சம்மதித்தால்தான் புதுப்பிக்கலாம் என்றால் அந்த வருடங்கள் மாமாவின் உரிமையில் சேராது.

மாமா வென்றது அதோடு முடியவில்லை. பொதுப் பொறுப்புக்கூறல் இல்லாத சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குத் தனி நியமம் ஒன்று இருக்கிறது. அதில் இப்படியான கடை வாடகை இன்றும் வாடகைதான். நான் படகேறி, பஸ் ஏறி, வகுப்புக்குப் பணம் கட்டிப் படித்ததெல்லாம் அவருடைய கடைக்குத் தேவையே இல்லை.

அடுத்த தவணை எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. கேள்வியில் தரும் பரீட்சை மீதியில் கட்டிய வாடகை பெரும்பாலும் வாடகைச் செலவு என்றே கிடக்கும். அதை முதலில் அங்கிருந்து எடுத்துக் குத்தகைப் பொறுப்பில் கழியுங்கள். எடுக்காமல் தேய்வையும் வட்டியையும் மேலே போட்டால் ஒரே வாடகையை இரண்டு தடவை செலவெழுதியதாகிவிடும். மூன்று வருடச் செலவையும் கூட்டிப் பாருங்கள். மூன்று லட்சத்தைத் தாண்டினால் நீங்கள் மாமாவிடம் தேத்தண்ணி குடிக்கவில்லை என்று அர்த்தம்.