பல் விழுந்த சாக்லேட்

கேள்வி: விலையை ஏற்றாமல் எடையை மட்டும் குறைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

பதில்: சாதாரண பிஸ்கட் பாக்கெட் என்றால் தப்பிக்கலாம். டாப்லரோன் சாக்லேட் மாட்டிக்கொண்டது! 2016-இல் பிரிட்டனில் அதன் 170 கிராம் கட்டியை 150 ஆக்கினார்கள். உறை அதே நீளம்தான். அதனால் முக்கோண முகடுகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டினார்கள். மூலப்பொருள் விலை ஏறியதாம். எடையைப் படித்தே பழகாதவர்களும் அந்தப் பொக்கை வாயைப் பார்த்துக் கொதித்தார்கள். கொதித்தது நியாயம். விலைச்சீட்டு மாறாவிட்டாலும் 20 கிராம் போனால், மிச்சமுள்ள ஒவ்வொரு கிராமும் 13 சதவீதம் விலை ஏறிவிட்டது என்றுதான் அர்த்தம். 2018-இல் பழைய வடிவமே திரும்பியது, 200 கிராமாக. அதற்குக் கூடுதல் விலையை வெளிப்படையாகவே போட்டார்கள்.