அன்புள்ள அடுத்த வருஷத்து எனக்கு

எதிர்காலத்தில் இருக்கும் தனக்கே கடிதம் எழுதிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தலைமையாசிரியர் தோரணையில்தான் எழுதுகிறார்கள். "இந்நேரம் நீ பத்து கிலோ இளைத்திருப்பாய். தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பாய். கோபத்தை விட்டிருப்பாய்." முந்தின இரவு கேக்கையும் பிரியாணியையும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பட்டாசுச் சத்தத்தில் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தவனுக்கு ஜனவரி 1 காலையில் இது வந்து சேருகிறது. கடிதமா அது? மெமோ. எழுதியவன் சௌகரியமாகப் போன வருஷத்திலேயே தங்கிவிட்டான். அவன் சட்டையைப் பிடிக்க வழியில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவன் வாசிக்கிறவன்தான்.

நான் எழுதியது அந்த ரகம் அல்ல. என் நோக்கம் ஆத்ம பரிசோதனையும் அல்ல. என் சித்தப்பாவை மடக்குவது.

சித்தப்பா ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். உலகத்தில் எது நடந்தாலும், நடந்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்பார். தேர்தல், கிரிக்கெட், தங்கம் விலை, ஒன்றுவிட்ட அத்தையின் மூட்டு அறுவை சிகிச்சை, எல்லாவற்றையும் அவர் அப்பவே சொல்லியிருக்கிறார். எப்போது, யாரிடம் என்று கேட்டால், "உன் கிட்டதான்டா" என்பார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போனார். அவர் கிளம்புவதற்கு முன்பே இஸ்ரேலில் மாணவர்கள் சிலரிடம் கணிப்புக் கேட்டு வாங்கிவைத்தார்கள் பரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற இரண்டு உளவியலாளர்கள். நிக்ஸன் மாவோவைச் சந்திப்பாரா, பயணம் வெற்றி என்று அறிவிப்பாரா என்கிற மாதிரிக் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று எழுத வேண்டும். பயணம் முடிந்து சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து, "அன்றைக்கு என்ன எழுதினீர்கள், ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்" என்றார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் எழுதியதைவிடக் கூடுதல் சதவீதம் கொடுத்ததாகவே பெரும்பாலோர் நினைவுகூர்ந்தார்கள். ஆய்வு 1975-இல் வெளியானது. அதாவது, உலகம் முழுக்கச் சித்தப்பாக்கள்தான். மாணவப் பருவத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆகவே போன வருஷப் பொங்கலுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது மடிக்கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஜனவரி 1 காலை வந்து சேரும்படி ஒரு மின்னஞ்சல். அதில் அந்த வருஷம் என்ன நடக்கும் என்று ஆளாளுக்குச் சதவீதத்தோடு சொல்ல வேண்டும். "நடக்கும்" என்றோ "நடக்காது" என்றோ மொட்டையாகச் சொன்னால் செல்லாது. "நடந்தாலும் நடக்கும்" என்பதும் செல்லாது. சித்தப்பாவின் தொழில் ரகசியமே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

மூன்று விஷயங்கள் எடுத்துக்கொண்டோம். ஒன்று, எங்கள் தெருமுனைப் பள்ளம் மூடப்படும்: நான் 90 சதவீதம், சித்தப்பா 80. "கவுன்சிலர் நமக்கு வேண்டியவன்" என்று காரணமும் சொன்னார். இரண்டு, வீட்டு வாடகை ஏறாது: நான் 70, சித்தப்பா 10. மூன்று, நான் டிசம்பர் வரை விடாமல் நடைப்பயிற்சி போவேன்: நான் 95, சித்தப்பா என் முகத்துக்காக 60. சமையலறையில் இருந்த என் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "யாருக்குத் தெரியும்?" அதை 50 என்று பதிவுசெய்தேன்.

ஜிமெயிலில் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியைத் தட்டினால் Schedule send என்று வரும். தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் போதும். இந்த வசதி வந்தது 2019 ஏப்ரல் 1 அன்று. ஜிமெயிலே 2004-இல் ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. முட்டாள்கள் தினக் கேலி என்று பலர் அதை நம்பவில்லை. நம் காரியத்துக்குப் பொருத்தமான ஜாதகம்.

நேரம் குறிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நள்ளிரவு பன்னிரண்டுக்கு வைத்தால் நகைக்கடை, வங்கி, காப்பீட்டு நிறுவனம், என்றைக்கோ ஒரு பனியன் வாங்கிய கடை என்று வந்து குவியும் வாழ்த்துகளுக்கு அடியில் நம் கடிதம் புதைந்துபோகும். காலை ஆறு மணி உத்தமம். தலைப்பில் "புத்தாண்டு" என்ற சொல்லே கூடாது, பார்க்காமலே அழித்துவிடுவோம். நான் "வாடகை பாக்கி" என்று தலைப்பிட்டேன். எந்தப் புத்தாண்டாக இருந்தாலும் கை தானாகத் திறக்கும்.

அனுப்பிய பிறகுதான் உண்மையான சோதனை. நேரம் குறித்த கடிதம் Scheduled என்ற பெட்டியில் வருஷம் பூராவும் கண்ணெதிரிலேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், அதாவது நான். திருத்த வேண்டுமென்றால் முதலில் அனுப்புவதை ரத்துசெய்ய வேண்டும். செய்தால் கடிதம் வரைவுப் பெட்டிக்கு இறங்கிவிடும். மறுபடி நேரம் குறிக்க மறந்தால் எந்தப் புத்தாண்டுக்கும் அது வராது. பழைய பெட்டியில் காணவில்லை, வரைவில் கிடக்கிறது என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மார்ச்சில் நடைப்பயிற்சி நின்றபோது அந்த 95-ஐ 59 ஆக்கினால் என்ன, இரண்டு எண்களை இடம் மாற்றுவதுதானே என்று எனக்குத் தோன்றியது உண்மை. செய்யவில்லை. நேர்மை காரணமல்ல, பிரதி ஒன்று நியூஜெர்ஸியில் இருக்கும் சித்தப்பா மகளுக்கும் போக இருந்தது. அவளிடம் எல்லா எண்களையும் பொங்கலன்றே போனில் ஒப்பித்திருந்தேன்.

ஜனவரி 1 வந்தது. வாசலில் "ஹேப்பி நியூ இயர்" கோலம் காய்ந்துகொண்டிருந்தது. கடிதத்தைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் முழுப் பிரயத்தனமும் வீண். திறக்காமலே, அன்றைக்கு என்ன சொன்னோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். காபியோடு உட்கார்ந்த சித்தப்பா யோசிக்கவே இல்லை. பள்ளத்துக்கு 20 என்று எழுதினார். "நான் அப்பவே சொன்னேன், அது ஆகாதுன்னு. நீதான் நம்பினே." நான் நடைப்பயிற்சிக்கு 60 என்று எழுதினேன். சத்தியமாக அப்படித்தான் ஞாபகம்.

பிறகு திறந்தோம். 80-ஐப் பார்த்த சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை. "டைப் பண்ணும்போது தப்பா கேட்டிருப்பே" என்றார்.

அதற்குள் வேறு தகராறு கிளம்பியது. பள்ளம் உண்மையில் மூடப்பட்டது, ஆகஸ்டில். மறு வாரமே வேறொரு துறை வந்து அதே இடத்தில் தோண்டியது. எங்கள் கணிப்பில் "மூடப்படும்" என்றுதான் இருக்கிறது; மூடியே இருக்கும் என்று இல்லை. இதில் எனக்கும் சித்தப்பாவுக்கும் அபூர்வமாக ஒற்றுமை ஏற்பட்டது. மனைவிதான் தீர்ப்பு சொன்னாள்: "ஸ்கூட்டர் போகுதா? போகல. அப்ப மூடல." கணிப்பு எழுதுகிறவர்கள் எந்தத் தேதியில், எதைப் பார்த்து, யார் முடிவு செய்வது என்பதையும் சேர்த்தே எழுதிவைப்பது குடும்ப நிம்மதிக்கு நல்லது.

அந்த நேரத்தில் நியூஜெர்ஸியிலிருந்து போன். நாம் எந்த ஊர்க் கடிகாரத்தில் ஆறு மணி குறிக்கிறோமோ அந்தக் கணத்தில்தான் கடிதம் எல்லோருக்கும் போகிறது. அவளுக்கு அது டிசம்பர் 31, மாலை ஏழரை. "அண்ணா, இங்க வருஷம் முடிய இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு. ஆளைக் கூட்டிட்டு வந்து பள்ளத்த மூடிடுங்க."

மதிப்பெண் போடவும் முறை இருக்கிறது. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் 1950-இல் எழுதியது. மழை வரும் என்று சதவீதம் சொல்கிறவர்களைச் சோதிக்க ஏற்பட்டது. சொன்ன வாய்ப்பைத் தசமத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்திருந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதாலேயே பெருக்க வேண்டும். குறைந்த எண் வாங்கியவரே கெட்டிக்காரர். பள்ளத்துக்கு நான் சொன்னது 0.9, நடக்கவில்லை, எனவே 0.81. ஏறாது என்று நான் 0.7 சொன்ன வாடகை ஏறிவிட்டது: 0.49. நடைப்பயிற்சிக்கு 0.90. சராசரி 0.73. சித்தப்பாவுக்குப் பள்ளம் 0.64, வாடகை வெறும் 0.01, என் நடை 0.36, சராசரி 0.34. ஓரளவு மரியாதையான எண்தான்.

"யாருக்குத் தெரியும்?" என்று மூன்று தடவை சொன்னவளுக்கு ஒவ்வொன்றிலும் 0.25. சராசரியும் 0.25. முதல் பரிசு.

சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் பாதி என்று சொல்கிறவள் எதையுமே சொல்லவில்லையே என்றார். அதில் நியாயம் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் 0.25-க்குக் கீழே வர வேண்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கே. ஆனால் தெரிந்ததாக நினைத்துக்கொண்ட நாங்கள் இருவரும் மேலேதானே நிற்கிறோம்? இதை நான் எடுத்துச் சொன்னதும் அவர் இன்னொரு காபி கேட்டார்.

இந்தப் பொங்கலுக்கு அடுத்த கடிதம் எழுதினோம். பள்ளத்துக்கு நான் 15, சித்தப்பா 10. டிசம்பர் 31 மாலை ஆறு மணிக்கு மனைவியின் ஸ்கூட்டர் அதன் மேல் போக வேண்டும் என்று நிபந்தனையும் எழுதியாகிவிட்டது. மனைவி இந்த முறை 50 சொல்லவில்லை. பள்ளத்துக்கும் வாடகைக்கும் எண் தர மறுத்தாள். தன் சார்பில் ஒரே ஒரு கணிப்பைச் சேர்க்கச் சொன்னாள்: "இவர் ஒரு மாசத்துக்குள்ள அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். 95."

திறந்து பார்க்கவில்லை. கடிதம் அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் பெட்டியைத் தட்டிச் சரிபார்த்தேன். அது கணக்கில் வராது என்கிறேன் நான். வரும் என்கிறாள்.