ஒட்டுச்சீட்டு எங்கே ஒட்டுவது?

கேள்வி: அரசமைப்புச் சட்டத் தேர்வுக்குப் புத்தகத்தையும் குறிப்பையும் எடுத்துச் செல்லலாமாம். எல்லாப் பக்கத்திலும் வண்ணச் சீட்டு ஒட்டினால் போதுமா?

பதில்: எல்லாப் பக்கத்திலும் ஒட்டினால் எந்தப் பக்கத்திலும் ஒட்டாத மாதிரிதான்! பத்துப் பன்னிரண்டு சீட்டுகள் போதும். சீட்டில் வெறும் பிரிவு எண்ணை எழுதாமல், வினாத்தாளில் வரும் சிக்கலை எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நகராட்சி ஒருவரின் கடை உரிமத்தை விளக்கம் கேட்காமலே ரத்து செய்கிறது என்று வினா வருகிறது. குறிப்பேட்டின் முதல் பக்க அட்டவணையில் 'உரிமம் ரத்து' என்று ஒரு வரி, அதன் எதிரே போக வேண்டிய வழி: நகராட்சி 'அரசு' ஆகுமா என்பதற்கு 12; தொழில் உரிமைக்கு 19(1)(ஜி); விசாரணையில்லாத் தன்னிச்சைக்கு 14, மேனகா காந்தி வழக்கு (1978); பரிகாரத்துக்கு உயர் நீதிமன்றத்தில் 226. ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணும் இருக்கட்டும்.

பலர் தடுமாறுவது 19-ல்தான். உரிமை ஓர் உட்பிரிவிலும் அதன் கட்டுப்பாடு வேறோர் உட்பிரிவிலும் இருக்கின்றன. பேச்சுரிமைக்கு 19(2), தொழிலுக்கு 19(6). தொழில் வினாவுக்கு 19(2)-ஐ எழுதினால் விடையே தடம் மாறிவிடும். ஆகவே ஜோடிகளுக்கு ஒரே நிறம் கொடுப்பது நல்லது. 19(1)-இல் 'எஃப்' உட்பிரிவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சொத்துரிமையை 44-வது திருத்தம் அங்கிருந்து நீக்கிவிட்டது.

ஒட்டுமுன் தேர்வு விதியைப் படித்துவிடுங்கள். அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் குறிப்பெழுதாத சட்டநூலுக்கு மட்டுமே அனுமதி.