பல் முளைத்த அம்மா

டொராண்டோ,
தை மாதம்.

அன்புள்ள அக்கா,

வெளியே மைனஸ் 15. அம்மா புடவைக்கு மேல் என் கோட்டை மாட்டிக்கொண்டு, சிதம்பரத்துத் தேர் வீதி நாலையும் சுற்றுவதாகச் சொல்லி எங்கள் கூடத்தைச் சுற்றி வருகிறாள். பேச ஆளில்லை என்று புலம்பியவளுக்கு இந்த வாரம் ஒருத்தி கிடைத்துவிட்டாள். அவளேதான்.

உன் மருமகள் தன் ஐபோனில் அம்மாவை மீமோஜி பொம்மையாகச் செய்துவிட்டாள். வெள்ளைக் கொண்டை, மூக்குக் கண்ணாடி, மூக்குத்தி எல்லாம் கிடைத்தன. பொட்டு மட்டும் தேடித் தேடியும் அகப்படவில்லை.

"யார்டி இந்தக் கிழவி? விகடன்ல கோபுலு போட்ட படம் மாதிரி இருக்கா" என்று அம்மா புருவத்தைத் தூக்கினாள். கிழவியும் தூக்கினாள். அம்மா நாக்கை நீட்ட, அவளும் நீட்டினாள். அதோடு இட்லிக்கு ஊறப்போட்டதை அம்மா மறந்தே போனாள்.

சூட்சுமத்தை உன் மருமகள்தான் விளக்கினாள். போனின் நெற்றியில் கேமராவுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் கருவி இருக்கிறதாம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின் மேல் தெளிக்கும். மூக்கு எவ்வளவு மேடு, கன்னம் எவ்வளவு பள்ளம் என்று அவற்றை வைத்தே அளந்துவிடும். தாடை, இமை, உதடு, கன்னம் என ஐம்பதுக்கு மேற்பட்ட அசைவுகளைத் தனித்தனியே கண்காணித்து, பாவைக்கூத்துக் கயிறுபோல் பொம்மையை ஆட்டும். ஸ்கார்பரோ தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலையை அம்மா இடக்கன்னத்தில் ஒதுக்கினால் பொம்மையும் அசைபோடுகிறது. சாறு மட்டும்தான் வரவில்லை, என் கார்ப்பெட் பிழைத்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் தலைப்பு வாய்க்குப் போய்விடும், உனக்குத் தெரியுமே. அங்கேதான் சிக்கல். வாய் மறைந்ததும் போனுக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, பொம்மை மாமியார்போல் உம்மென்று இருந்தது. "கையை எடு ஆயா, அப்பத்தான் அவ சிரிப்பா" என்றாள் உன் மருமகள். பல் செட்டோ குளியலறைக் கிண்ணத்தில். வெறும் ஈறுதானே என்று தயங்கித் தயங்கித்தான் தலைப்பை இறக்கினாள்.

பொம்மை பளிச்சென்று வரிசைப் பல்லைக் காட்டியது! புள்ளிகளுக்கு முகத்தின் அசைவுதான் கணக்கு. பல் இருக்கிறதா என்று யாரும் எண்ணுவதில்லை. "அடியே, எம் பல்லெல்லாம் இவகிட்ட இருக்குடி!" என்று அம்மா சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவ்வளவு காலத்தில் அவள் சிரிக்கும் வாயை இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன், அக்கா. நம் எல்லோருக்கும் இருக்கிற அந்தக் கோணல் உதடு அவளுடையதுதான்.

அதைப் பதிவுசெய்து உனக்கு அனுப்பியிருக்கிறோம். ஒரு பதிவுக்கு 30 விநாடிதான் இடம். அம்மாவுக்கு அது தொண்டையைச் செருமவே போதாது, இதில் சிரிப்பு வேறு. அப்பாவிடம் காட்டு. தண்ணி மோட்டாரை அவர் வேளாவேளைக்கு நிறுத்துகிறாரா என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள், அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. கேட்டு எழுது.

உன் தம்பி