வர்க்கமூலம் ஏன் வழிவிடுவதில்லை?

கேள்வி: பாடநூலில் வளைவின் நீளம் அழகாக வருகிறது. நாமே ஒரு சமன்பாடு எழுதினால் வர்க்கமூலம் மல்லுக்கட்டுகிறதே, ஏன்? (ஒரு மாணவர், காட்டாக்கடை)

பதில்: பாடநூல் கணக்கு, விடை தெரிந்த பிறகு எழுதப்பட்ட வினா!

y = f(x) என்ற வளைவைச் சிறு துண்டுகளாக்கினால், ஒவ்வொன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம்தான். பிதாகரஸ் தேற்றப்படி அவற்றைக் கூட்டினால் நீளம் கிடைக்கும்:

L = ∫ √(1 + (y′)²) dx

தொல்லை அந்த 1-ல் இருக்கிறது. (y′)² முழு வர்க்கம். அதோடு 1 சேர்ந்ததும் பெரும்பாலும் அப்படி இராது.

y = x³/6 + 1/(2x) என்பதில் y′ = x²/2 − 1/(2x²). வர்க்கப்படுத்தினால் நடு உறுப்பு −1/2. அதோடு 1 சேர +1/2 ஆகிறது. மொத்தமும் (x²/2 + 1/(2x²))² என்ற முழு வர்க்கமாகிவிடுகிறது. x = 1 முதல் 2 வரை நீளம் 17/12. இது தற்செயல் அல்ல, ஏற்பாடு.

எளிய y = x³/3 எடுத்தாலோ √(1 + x⁴) வந்து நிற்கும். அதை 1 + x² என்று எழுதுவோர் உண்டு; x = 1 போட்டால் √2-ம் 2-ம் சமமாகிவிடும், குட்டு வெளிப்படும். √(1 + x⁴)-ன் தொகையீட்டை வழக்கமான சார்புகளால் எழுதவே முடியாது. இத்தகையவற்றின் இயல்பை 1830-களில் லியூவில் நிறுவினார்.

நீளம் மட்டும் ஓடிப்போகவில்லை. 0 முதல் 1 வரை சிம்ப்சன் விதியை இரண்டே பகுதிகளில் போட்டால் 1.0896, உண்மை மதிப்பு 1.0894.