ஆறு மாதம், ஒரு எக்செல், ஒரு லீவ் லெட்டர்

எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு நண்பர் ஜெர்மனி போக பி1 தேர்வு எழுதப் போகிறார். திட்டம் எக்செல்லில் தயார். ஏ1, ஏ2, பி1, ஆளுக்கு இரண்டு மாதம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைகூட இவ்வளவு நியாயமாக நடந்ததில்லை.

ஜெர்மன் அப்படிச் சமமாகப் பிரியாது. கோத்தே இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி பி1 முடிக்கக் குறைந்தது 350 பாடவேளை வேண்டும். ஒன்றுக்கு 45 நிமிடம். அதில் ஏ1-க்கு 80, ஏ2-க்கு 120, மிச்சம் 150 பி1-க்கு. மொத்தம் ஏறக்குறைய 262 மணி நேரம். ஆறு மாதத்துக்கு 26 வாரம். குவார்ட்டர் குளோசிங், தீபாவளி, மச்சினன் கல்யாணம் எல்லாவற்றுக்கும் நான்கு வாரத்தை முதலிலேயே தள்ளிவிட்டேன். மிச்சம் 22. வாரத்துக்கு 12 மணி நேரம்: வேலை நாளில் காலை ஒரு மணி, சனி ஞாயிறு தலா மூன்றரை. ஏ1-க்கு ஐந்து வாரம், ஏ2-க்கு ஏழு, பி1-க்குப் பத்து.

"ராத்திரி படிக்கிறேனே சார்?" என்றார். ராத்திரி பத்து மணிக்கு டேர், டீ, டாஸ் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். டீ மட்டும் தனியாகத் தெரியும், குடிக்கத் தோன்றும்.

படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பிரிவு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் சறுக்கினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். இவர் சறுக்கக்கூடிய இடம் கேட்பதுதான். அதில் நான்கு பகுதி. நடுவில் இரண்டை ஒரே ஒரு தடவைதான் ஒலிபரப்புவார்கள். டீம் மீட்டிங்கில் "சார், வாய்ஸ் பிரேக் ஆகுது, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றே பதினைந்து வருடம் ஓட்டியவர் இவர். அதனால் ஏ2-விலிருந்தே தினமும் பத்து நிமிட ஆடியோ, ஒரு தடவை மட்டும். அதில் வந்த ஊர், கிழமை, நேரம் மூன்றையும் எழுத முடியவில்லை என்றால், புத்தகம் எத்தனை பக்கம் நகர்ந்திருந்தாலும் இவர் நகரவில்லை என்று அர்த்தம்.

பேச்சுத் தேர்வில் இன்னொரு தேர்வருடன் சேர்ந்து மூன்று நிமிடத்தில் ஏதாவது ஒரு விஷயத்தைத் திட்டமிட வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, யார் என்ன வாங்குவது என்று முடிவாக வேண்டும். எதற்கும் "பார்த்துக்கலாம்" என்றே பழகியவருக்கு இது கஷ்டம். எதிராளி சனிக்கிழமை என்றால், "முடியாது, ஞாயிறு வைத்துக்கொள்வோமா?" என்று மறுத்துப் பேசினால்தான் பேச்சு வளரும். அதனால் கடைசிப் பத்து வாரமும் ஞாயிறு காலை இருவரும் உட்கார்ந்து ஜெர்மனில் சண்டை.

எழுத்தில்தான் எனக்குக் கவலையே இல்லை. மூன்றாவது கேள்வி 40 சொல்லில் ஒரு மரியாதையான மெயில். பெரும்பாலும் ஆசிரியைக்கோ மேலதிகாரிக்கோ, "மன்னிக்கவும், வர இயலாது, காரணம் இது" என்று எழுதச் சொல்வார்கள். மாதிரித்தாளைப் பார்த்ததும் நண்பர் முகம் மலர்ந்தது. "பாட்டியா, காய்ச்சலா சார்?"