டாலர் ஏறினால் நஷ்டமா?

கேள்வி: காரைக்காலிலிருந்து இறால் ஏற்றுமதி செய்பவர், டாலர் ஏறும் காலத்தில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு லாபத்தை இழக்கலாமா?

பதில்: அவர் விற்பது இறால், டாலர் அல்ல. மூன்று மாதத்தில் ஒரு லட்சம் டாலர் வரவேண்டும், இன்றைய விலை 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அன்றைக்கு 85.40 தருவதாக இப்போதே எழுதிக் கொடுக்கிறது. கூடுதல் 40 பைசா வங்கியின் ஆரூடம் அல்ல, இரு நாட்டு வட்டி விகிதங்களின் வித்தியாசம். டாலர் 88 ஆனால் 2.60 லட்சம் கைநழுவும், உண்மைதான். ஆனால் இறால், ஐஸ், கூலி எல்லாவற்றுக்கும் 85.40-ஐ வைத்தே கணக்குப் போட்டதால் அவர் எதிர்பார்த்த லாபம் குறையாது. டாலர் எப்போதும் ஏறும் என்பவர்கள் 2007-ஐ நினைக்கட்டும்: அந்த ஒரே ஆண்டில் அது சுமார் 44 ரூபாயிலிருந்து 39-க்கு இறங்கி, திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களைத் தவிக்கவிட்டது.

உண்மையான ஆபத்து வேறு. இறக்குமதியாளர் ஆர்டரை ரத்து செய்தாலும் வங்கியிடம் கொடுத்த வாக்கு நிற்கும். அன்று டாலர் 88 என்றால், ஒப்பந்தத்தை முறிக்க அதே 2.60 லட்சத்தைக் கையிலிருந்து கட்டவேண்டும். ஆகவே உறுதியான ஆர்டருக்கு மட்டும், அதிலும் ஒரு பகுதிக்கே, ஒப்பந்தம் போடுவது நல்லது.